பதினோரு பெட்டி வாங்கினோம், நாலு டைல்ஸ் குறைந்தது

எங்கள் வீட்டு ஹால் பதினாலு அடி நீளம், பதினொன்றரை அடி அகலம். பெருக்கினால் 161 சதுர அடி. டைல்ஸ் கடையில் கால்குலேட்டரைத் தட்டிய தம்பி, "இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், பெட்டிக்கு நாலு, பெட்டி பதினாறு சதுர அடி. பத்துப் பெட்டி போதும் அக்கா, வேஸ்டேஜுக்கு ஒண்ணு சேர்த்துப் பதினொண்ணா எடுத்துக்குங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. படுக்கையறைக்கும் அதே டைல்ஸ். இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே நாளில் பில் போட்டு, ஒரே வண்டியில் இறக்கினோம்.

மூன்று வாரம் கழித்து ஹாலில் வேலை முடியும் நேரம். வாசல் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வந்த மேஸ்திரி, ஜன்னலோரக் கடைசி வரிசையில் பாதியில் எழுந்து நின்றார். பதினோரு பெட்டியும் காலி. இன்னும் நாலு டைல்ஸ் வேண்டும். ஓடிப்போய் அதே கடையில் அதே பெயர், அதே எண், அதே கம்பெனி என்று ஒரு பெட்டி வாங்கி வந்தேன். அவர் ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்த டைல்ஸ் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது. தரையில் இருந்தது பால் வெள்ளை. கையில் இருந்தது அதே வெள்ளையில் துளி சாம்பல் கலந்தது போல. தனித்தனியாகப் பார்த்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கண்ணை உறுத்தியது. அதுவும் வெளிச்சம் விழுகிற ஜன்னலடியில்.

அன்று அந்த மேஸ்திரி என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததும், பிறகு மாடி கட்டும்போது நானே அளந்தும் எண்ணியும் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. டைல்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுக்கிறோம். ஆனால் தரையில் ஒட்டுவது சதுர அடியை அல்ல, ஒவ்வொரு டைல்ஸாகத்தான். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் எங்கள் நாலு டைல்ஸ் காணாமல் போயிருந்தது.

முதலில் அந்தப் 'பதினாறு சதுர அடி'. இரண்டுக்கு இரண்டு என்று நாம் சொல்லும் டைல்ஸ் உண்மையில் இரண்டடி கிடையாது. அது 600 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 609.6 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம்தான். ஆனால் நான்கு டைல்ஸின் பரப்பைக் கூட்டினால் 1.44 சதுர மீட்டர் வரும். அது 15.5 சதுர அடி. பெட்டியின் பக்கவாட்டில் இந்த அளவு அச்சிட்டே இருக்கும். ஒட்டும்போது விடும் இரண்டு மில்லிமீட்டர் மூட்டு இடைவெளியையும் சேர்த்துக்கொண்டால்கூட ஒரு பெட்டி மூடும் தரை 15.6 சதுர அடிக்கு மேல் போகாது.

அரை சதுர அடிதானே என்று தோன்றும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி பதினாறு என்று வகுத்தால் 63 பெட்டி வரும். 63 பெட்டியில் இருக்கும் உண்மையான பரப்பு 976 சதுர அடி சொச்சம். ஒரு துண்டு உடையாமல், ஒரு துண்டு வீணாகாமல் ஒட்டினால்கூட இருபது சதுர அடிக்கு மேல் தரை வெறுமையாக நிற்கும். அதோடு, சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசிவிட்டுப் பெட்டியைப் பதினாறாக எண்ணிப் பில் போட்டால், இல்லாத அரை சதுர அடிக்கும் பெட்டிக்குப் பெட்டி காசு கொடுக்கிறோம். எல்லாக் கடையிலும் இப்படி நடக்கிறது என்று சொல்லவில்லை. 15.5 என்று சரியாகப் போடும் கடைகளும் உண்டு. பில்லில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். இல்லையென்றால் பெட்டிக்கு என்ன விலை என்று கேட்டு, அதை 15.5-ஆல் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட அதுதான் நேரான வழி.

அடுத்து, டைல்ஸ் தரையில் எப்படி உட்காருகிறது என்பது. எங்கள் ஹாலையே எடுத்துக்கொள்கிறேன். பதினாலு அடி நீளம், இரண்டடி டைல்ஸ். ஏழு டைல்ஸில் சரியாக முடிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். மேஸ்திரி டேப்பை வைத்து அளந்து காட்டினார். சுவருக்குச் சுவர் 4267 மில்லிமீட்டர். டைல்ஸ் விரிந்து சுருங்க இடம் வேண்டும் என்பதால் இரண்டு பக்கச் சுவரோரமும் ஐந்து ஐந்து மில்லிமீட்டர் விட்டாக வேண்டும். அது போக 4257. ஏழு முழு டைல்ஸும், நடுவில் ஆறு ஸ்பேசர் இடைவெளியும் சேர்ந்து 4212. கடைசியில் ஒரு மூட்டை விட்டால் 43 மில்லிமீட்டர் பாக்கி. ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு ஒரு பட்டை, பதினொன்றரை அடி நீளத்துக்கு, சுவரோரமாக.

அந்தப் பட்டையை அவர் வெறுத்தார். பார்க்க அசிங்கம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவ்வளவு மெல்லிய துண்டை விட்ரிஃபைடு டைல்ஸில் அறுத்து எடுப்பதே பாடு. மெஷின் பாதி தூரம் போவதற்குள் சட்டென்று இரண்டாகிவிடும். ஒட்டினாலும் அடியில் கலவை சரியாக உட்காராமல் கொஞ்ச நாளில் டப்டப் என்று சத்தம் வரும். அதனால் அவர் நடுவிலிருந்து ஆரம்பித்தார். ஆறு முழு டைல்ஸை நடுவில் வைத்து, இரண்டு ஓரத்திலும் சம அளவில் துண்டு போட்டார். ஒவ்வொரு துண்டும் 321 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு அடி. அறைக்குள் நுழைந்து பார்த்தால் இரண்டு சுவரும் ஒரே மாதிரி இருக்கும். நல்ல வேலைக்காரர் கைக்கு அதுதான் அடையாளம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. துண்டு 321 மில்லிமீட்டர். பாதி டைல்ஸ் 300. பாதிக்கு மேல் போய்விட்டதால் ஒரு டைல்ஸிலிருந்து இரண்டு துண்டு எடுக்க முடியாது. ஓரத்துத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு டைல்ஸ் செலவாகும். அப்படியானால் வரிசைக்கு எட்டு டைல்ஸ். குறுக்கே பதினொன்றரை அடிக்கு ஐந்து முழு வரிசை, ஜன்னலோரத்தில் 485 மில்லிமீட்டருக்கு வெட்டிய ஒரு வரிசை. மொத்தம் ஆறு வரிசை. ஆறெட்டு நாற்பத்தெட்டு. கடைக்காரத் தம்பியின் பதினோரு பெட்டியில் இருந்தது நாற்பத்து நாலு. அந்த நாலு எங்கே போனது என்று அப்போது புரிந்தது.

அப்படியென்றால் மேஸ்திரி அழகுக்காக டைல்ஸை வீணடித்தாரா? நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். "ஸ்கர்ட்டிங் எதுலேர்ந்து வரும்னு நெனச்சீங்க?" என்றார்.

சுவரின் அடியில் நாலு அங்குல உயரத்துக்குச் சுற்றி ஒட்டுகிறோமே, அந்த ஸ்கர்ட்டிங் பற்றிக் கடையில் பேச்சே வரவில்லை. ஹாலைச் சுற்றி 51 அடி. வாசலையும் இன்னொரு திறப்பையும் கழித்தால் 43 அடி சொச்சம். அறுநூறு மில்லிமீட்டர் நீளத் துண்டாக எண்ணினால் இருபத்து மூன்று துண்டு வேண்டும். இனி இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஏழு முழு டைல்ஸும் ஒரு மெல்லிய பட்டையும் என்று ஒட்டியிருந்தால் தரைக்கு 43 டைல்ஸ் போதும். அதில் ஸ்கர்ட்டிங்குக்கு உதவும் மிச்சம், ஜன்னலோர வரிசையில் வெட்டிய ஏழு துண்டுகள் மட்டும்தான். பாக்கிப் பதினாறு துண்டுக்குப் புது டைல்ஸை அறுக்க வேண்டும். ஒரு டைல்ஸில் நாலு அங்குலப் பட்டை ஐந்துதான் கிடைக்கும். ஆறாவதை அறுக்கும் பிளேடே தின்றுவிடும். ஆக இன்னும் நாலு டைல்ஸ். மொத்தம் 47.

அவர் ஒட்டிய முறையில் தரைக்கு 48. ஆனால் இரண்டு ஓரத்திலும் வெட்டி எறிய வேண்டிய துண்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ பதினொரு அங்குல அகலம். அதில் இரண்டு ஸ்கர்ட்டிங் பட்டை வரும். ஐந்து முழு வரிசையில் அப்படிப் பத்துத் துண்டு, இருபது பட்டை. ஜன்னலோர வரிசையின் மிச்சத்தில் இன்னும் ஆறு. மொத்தம் இருபத்தாறு. வேண்டியது இருபத்து மூன்று. ஸ்கர்ட்டிங்குக்கென்று ஒரு டைல்ஸ்கூடத் தனியாக அறுக்க வேண்டாம். கண்ணுக்கு லட்சணமான முறைக்கும் மோசமான முறைக்கும் ஒரே ஒரு டைல்ஸ்தான் வித்தியாசம்.

இதனால்தான் 'அஞ்சு சதவீதம் வேஸ்டேஜ்', 'பத்து சதவீதம் வேஸ்டேஜ்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பெரிய, நேரான அறையில், சுவருக்கு இணையாக ஒட்டும்போது ஐந்து சதவீதம் பெரும்பாலும் சரிவரும். தூணும் மூலையும் நிறைய இருந்தால் பத்து ஆகும். டைமண்ட் மாதிரி மூலைவாட்டாக ஒட்டினால் நான்கு சுவரோரமும் முக்கோண முக்கோணமாக வெட்ட வேண்டியிருக்கும். பதினைந்து வரை போகும். ஆனால் எங்கள் 161 சதுர அடி ஹாலுக்கு ஆன 48 டைல்ஸின் பரப்பு 186 சதுர அடி. ஸ்கர்ட்டிங்கையும் சேர்த்து அறையின் பரப்புக்கு மேல் பதினைந்து சதவீதம். அதே ஹால் அரை அடி கூடவோ குறையவோ இருந்திருந்தால் இந்த எண் மாறியிருக்கும். சதவீதம் பரப்பைப் பார்த்துச் சொல்வது. செலவைத் தீர்மானிப்பதோ அறையின் நீள அகலத்தில் டைல்ஸ் எங்கே போய் முடிகிறது என்பது.

சின்ன இடங்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். மூன்றடி அகலப் பால்கனிக்கு ஒன்றரை டைல்ஸ் என்றுதான் மனக்கணக்கு சொல்லும். ஒரு டைல்ஸை இரண்டாக வெட்டி இரண்டு வரிசைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்போம். அளந்தால் மூன்றடி 914 மில்லிமீட்டர். ஓர இடைவெளியும் ஒரு முழு டைல்ஸும் மூட்டும் போக வேண்டிய துண்டு 302. அதை அறுத்து எடுத்தால், பிளேடு தின்றது போக மிஞ்சுவது 295. ஏழு மில்லிமீட்டர் குறைகிறது. அந்தப் பக்கம் ஸ்கர்ட்டிங் வந்து மூடுவதாக இருந்தால் கைதேர்ந்தவர் சமாளித்துவிடுவார். கிரானைட் விளிம்போடு முட்டவேண்டும் என்றால் முடியாது. இன்னொரு முழு டைல்ஸைத்தான் எடுக்க வேண்டும். ஒன்றரை என்று நினைத்த இடத்தில் இரண்டு ஆகும். அந்தப் பால்கனிக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

ஆகவே கடைக்குப் போகும் முன்பே மேஸ்திரியைக் கூட்டி வந்து, பூச்சு முடிந்த அறையை அவர் கையால் அளக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் இருக்கும் அளவு போதாது. பூச்சுக்குப் பிறகு சுவர் ஒரு அங்குலம் உள்ளே வந்திருக்கும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் அறை சதுரமாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தும் இருக்கும். ஒரு தாளில் கட்டம் போட்டு எத்தனை முழு டைல்ஸ், எத்தனை வெட்டு, வெட்டிய மிச்சம் எங்கே பயன்படும் என்று எண்ணிவிட வேண்டும். ஒரு அறைக்குப் பத்து நிமிடம் ஆகும். பிறகு அந்த எண்ணிக்கையை நாலால் வகுத்துப் பெட்டியாக்கி, உடைவதற்கும் பிற்காலத்துக்கும் சேர்த்துக்கொள்ளலாம்.

டைல்ஸ் குறைவது பணத்தால் தீரும் பிரச்சினையாக இருந்தால் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. போய் இன்னொரு பெட்டி வாங்கி வந்துவிடலாம். ஆனால் அந்தப் பெட்டி வேறு ஷேடாக இருக்கும் என்பதுதான் சிக்கல்.

ஏன் மாறுகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கம்பெனி ஏமாற்றுகிறது என்றுகூட நினைத்தேன். அது தவறு. நம் ஊருக்கு வரும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. களிமண், ஃபெல்ட்ஸ்பார் போன்ற பாறைப் பொடிகளை அரைத்து, அழுத்தி, மேலே பளபளப்புப் பூச்சும் அச்சும் கொடுத்து, ஏறத்தாழ 1200 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். டைல்ஸ் உருளைகளின் மேல் மெதுவாக நகர்ந்தபடியே நீண்ட சூளைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். மண் பூமியிலிருந்து வருகிறது. ஒரு லோடில் இரும்புச் சத்து கொஞ்சம் கூடுதல், அடுத்த லோடில் குறைவு. சூளைச் சூடு இன்று சற்று ஏறும், நாளை இறங்கும். ஒரே நேரத்தில் சூளையின் ஓரத்தில் போகும் டைல்ஸும் நடுவில் போகும் டைல்ஸும்கூட ஒரே சூட்டை வாங்குவதில்லை. இட்லி அதே மாவு, அதே அடுப்பு என்றாலும் ஈடுக்கு ஈடு மாறுவது போலத்தான். சுட்ட பிறகு நிறத்தைத் திருத்த வழியில்லை.

அதனால் சூளையிலிருந்து வெளிவரும் டைல்ஸை நிறம் பார்த்துப் பிரித்து, ஒத்துப்போகிறவற்றை ஒரே பெட்டியில் போட்டு, அதற்கு ஒரு ஷேட் எண் கொடுக்கிறார்கள். பெட்டியின் பக்கவாட்டில், அளவுக்கும் தரத்துக்கும் பக்கத்தில், ஒரு சின்னக் கட்டத்தில் அந்த எண்ணோ எழுத்தோ முத்திரையாக இருக்கும். அதோடு தயாரித்த தேதியோ பேட்ச் எண்ணோ இருக்கும். ஷேட் 3 என்பது ஷேட் 7-ஐவிட உயர்ந்ததோ தாழ்ந்ததோ இல்லை. ஒன்றோடொன்று சேராது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். எங்கள் வீட்டில் பழைய பெட்டி அட்டைகள் மாடிப்படியடியில் கிடந்தன. எடுத்துப் பார்த்தோம். ஹால் முழுக்க ஒரே ஷேட் எண். நான் புதிதாக வாங்கி வந்ததில் வேறு எண். கம்பெனி தன் கடமையைச் செய்து அச்சிட்டே அனுப்பியிருந்தது. கடையிலும் யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சில கம்பெனிகள் ஷேடுக்குப் பக்கத்தில் காலிபர் என்று இன்னொரு எண்ணும் போடும். அது டைல்ஸின் சரியான அளவைச் சொல்வது. சுடும்போது சுருங்குவதால் ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம். விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கிய ரெக்டிஃபைடு டைல்ஸில் இந்தத் தொல்லை குறைவு. பாத்ரூமுக்கு வாங்கும் சின்ன செராமிக் டைல்ஸில் பார்த்துக்கொள்வது நல்லது. மூட்டுக் கோடு வளைந்து வளைந்து போவதற்கு எப்போதும் மேஸ்திரிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

பெயிண்டில் இந்தச் சிக்கலுக்கு ஒரு சுலபமான மருந்து இருக்கிறது. இரண்டு டப்பா நிறம் லேசாக மாறினால், இரண்டையும் ஒரு பெரிய பக்கெட்டில் கொட்டிக் கலக்கி அடித்துவிடலாம். சுவர் முழுக்க ஒரே நிறம் வந்துவிடும். டைல்ஸைக் கலக்க முடியாது. வாங்கும்போதே ஒரே ஷேடாக வாங்குவது ஒன்றுதான் வழி.

வண்டி வந்து நிற்கும்போதே பார்க்க வேண்டும். இறக்கும் ஆட்கள் அவசரப்படுவார்கள். பரவாயில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஷேட் எண்ணைப் படித்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். ஒரு பெட்டி மாறியிருந்தாலும் அப்போதே திருப்பி அனுப்பலாம். பிரித்த பெட்டியைக் கடைக்காரர்கள் பொதுவாகத் திரும்ப வாங்குவதில்லை. பில் போடும்போதே அதில் ஷேட் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் வாக்குவாதம் வராது. பிறகு மூன்று நான்கு பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பகல் வெளிச்சத்தில் தரையில் பரப்பி, ஜன்னலைப் பார்த்தபடி ஐந்தாறு அடி தள்ளி நின்று சாய்வாகப் பார்க்க வேண்டும். குனிந்து பக்கத்தில் பார்த்தால் தெரியாது. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிவது காலை வெயிலில் இரண்டாகத் தெரியும். ஒட்டும்போதும் ஒரே பெட்டியை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரிக்காமல், நாலைந்து பெட்டியைத் திறந்து வைத்துக் கலந்து ஒட்டச் சொல்லுங்கள். ஒரே ஷேடுக்குள் இருக்கும் மெல்லிய ஏற்ற இறக்கம் தரை முழுக்கப் பரவி, கண்ணில் படாமல் போகும். மார்பிள், மரம் மாதிரி அச்சிட்ட டைல்ஸில் இது இன்னொரு வகையில் உதவும். அவற்றில் நாலைந்து விதமான படங்களை மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். கலந்து ஒட்டினால் ஒரே கோடு பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்காது.

ஷேட் வித்தியாசம் எவ்வளவு தெரியும் என்பது ஃபினிஷைப் பொறுத்தது. இதை நான் முன்பே அறிந்திருந்தால் ஹாலுக்கு அந்த டைல்ஸை எடுத்திருக்க மாட்டேன். நாங்கள் வாங்கியது கண்ணாடி போல மின்னும் வெள்ளை. எந்த வடிவமும் இல்லாத, வெளிர் நிறமான, பளபளப்பான தரை எதையும் மறைக்காது. நிறம் மாறினால் காட்டும். ஒரு டைல்ஸ் பக்கத்து டைல்ஸைவிட அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும், சாயங்கால வெளிச்சம் சாய்ந்து விழும்போது விளிம்பில் நிழல் கட்டும். மேட் ஃபினிஷில் வெளிச்சம் சிதறிவிடுவதால் இந்தக் குறைகள் அடங்கிப்போகும். கல் மாதிரி, சிமென்ட் மாதிரி நிறம் ஓடிய மேட் டைல்ஸில் ஷேட் மாறினால்கூடப் பலருக்குத் தெரியாது. ஆனால் சொரசொரப்பு கூடக் கூட அழுக்கும் பிடித்துக்கொள்ளும், துடைப்பத்துக்கும் மாப்புக்கும் வேலை கூடும். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு படியும் இடத்தில் அதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

பாத்ரூமுக்கும் வாசலுக்கும் வேறு கணக்கு. அங்கே நிறத்தைவிட வழுக்காமல் இருப்பது முக்கியம். நல்ல கம்பெனிகளின் விவரப் பட்டியலில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று ஒரு குறி இருக்கும். எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஆள் நடந்து பார்த்துச் செய்யும் ஜெர்மன் சோதனையின் அளவு அது. தளம் எவ்வளவு சாயும் வரை கால் வழுக்கவில்லை என்பதை வைத்து எண் கொடுக்கிறார்கள். ஆர்9 ஈரம் படாத ஹாலுக்குச் சரி. பாத்ரூமுக்கு ஆர்10-க்குக் குறையாமல் இருக்கட்டும். மழை நேராக விழும் போர்டிகோவுக்கும் படிக்கும் ஆர்11 பார்க்கலாம். 'ஆன்டி ஸ்கிட்' என்று கடைக்காரர் வாயால் சொல்வதோடு நின்றுவிடாமல் அந்த எண்ணைக் கேளுங்கள். எங்கள் அப்பா எண்பதைத் தாண்டியவர். அவர் குளிக்கும் அறைக்கு டைல்ஸ் எடுக்கும்போது, கடையிலேயே தண்ணீர் கேட்டு வாங்கி, டைல்ஸ் மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பார்த்தேன். யாரும் தவறாக நினைக்கவில்லை.

இனி, அந்த நாலு டைல்ஸ் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். மேஸ்திரி ஹாலில் ஷேட் மாறிய டைல்ஸை ஒட்ட மறுத்துவிட்டார். படுக்கையறைக்கு வைத்திருந்த பெட்டிகள் ஹால் டைல்ஸோடு ஒன்றாக வந்தவை, அதே ஷேட். அதிலிருந்து ஒரு பெட்டியைப் பிரித்து ஹாலை முடித்தார். படுக்கையறையில் விழுந்த குறைக்கு, நான் கடைசியாக வாங்கி வந்த வேறு ஷேட் பெட்டியைக் கொண்டுபோய், சுவரோடு சேர்த்துக் கட்டப்போகும் அலமாரி எங்கே வரும் என்று கேட்டு, அதற்கு அடியில் ஒட்டினார். இன்று அங்கே அலமாரி நிற்கிறது. அந்த வித்தியாசம் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஷேட் மாறிய டைல்ஸ் உங்கள் தலையில் விழுந்துவிட்டால் இதைத்தான் நானும் சொல்வேன். ஒரே பார்வையில் விழும் தரையின் நடுவில் அதைச் சேர்க்காதீர்கள். கட்டிலடி, அலமாரி அடி, ஸ்டோர் ரூம் என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், வாசற்படிக் கிரானைட் பட்டை இரண்டு அறையைப் பிரிக்கும் இடத்தில் நிறத்தை மாற்றுங்கள். நடுவில் ஒரு கறுப்புப் பட்டை வந்துவிட்டால் இரண்டு பக்கத்தையும் கண் ஒப்பிடாது.

இரண்டு வருடம் கழித்து மாடி கட்டியபோது, அறை அறையாகக் கட்டம் போட்டு எண்ணினேன். எண்ணி வந்ததற்கு மேல், ஒவ்வொரு வகையிலும் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கினேன். நாலைந்து வருடம் கழித்து அந்த டிசைனே கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் ஷேட் சேராது. பிரிக்காத பெட்டிகளைப் படுக்க வைக்காமல், பலகை மேல் செங்குத்தாக நிறுத்தி, லேபிள் வெளியே தெரியும்படி படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். எந்த அறை என்று மார்க்கரில் எழுதியும் வைத்தேன்.

போன வருடம் மாடிச் சமையலறையில் கேஸ் சிலிண்டரை இறக்கும்போது கை நழுவி, ஒரு டைல்ஸில் மூலை பெயர்ந்தது. அதே மேஸ்திரி வந்தார். சுற்றியிருந்த மூட்டை முதலில் அறுத்து, நடுவிலிருந்து தட்டி எடுத்து, பக்கத்து டைல்ஸில் கீறல் விழாமல் வெளியே எடுத்தார். படிக்கட்டடியிலிருந்து ஒரு டைல்ஸ் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. நிறம் அச்சு அசலாகச் சேர்ந்தது. புதிதாகப் போட்ட கிரவுட் மட்டும் பழையதைவிடக் கொஞ்சம் வெளுப்பாக, அந்த ஒரு டைல்ஸைச் சுற்றி இன்னும் தெரிகிறது. "நாலு தடவை மாப் போட்டா அதுவும் சேர்ந்துக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.